பகுதிப் புதுப்பித்தலும் முழு மறுஏற்றமும்

பல ஆண்டுத் தரவைத் தாங்கும் டாஷ்போர்டுக்கு மூலத் தரவுத்தளத்திலிருந்து தரவைக் கொண்டுவர இரு முறைகள் உள்ளன. ஒவ்வொரு முறையும் அட்டவணையை வெறுமையாக்கி அனைத்தையும் மீண்டும் கொண்டுவருவது முழு மறுஏற்றம் எனப்படும். அண்மைக் காலத்துக்குரிய வரிசைகளை மட்டும் மாற்றியமைப்பது பகுதிப் புதுப்பித்தல் ஆகும்.

மைக்ரோசாப்ட்டின் பவர் பிஐ மென்பொருளில் பகுதிப் புதுப்பித்தலுக்கு `RangeStart`, `RangeEnd` என்ற இரு அளவுருக்கள் தேவை. இவற்றைக் கொண்டு அட்டவணை தேதிவாரியாக வடிகட்டப்படுகிறது:

```
Table.SelectRows(Sales, each [OrderDate] >= RangeStart
    and [OrderDate] < RangeEnd)
```

சமக்குறி ஒரு பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். இரு பக்கமும் இட்டால், எல்லையில் விழும் வரிசை அடுத்தடுத்த இரு பகுப்புகளிலும் சேர்ந்து இருமுறை எண்ணப்படும். முதல் புதுப்பித்தலில் வரலாறு முழுதும் ஏறும். அதன்பின் குறித்த சாளரத்துக்குள் இருக்கும் பகுப்புகள் மட்டுமே மறுபடி வாசிக்கப்படும்.

சாளரத்தின் நீளத்தை முடிவுசெய்வதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. ஏழு ஆண்டு விற்பனையை வைத்திருக்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாளரம் 10 நாட்கள். ஆனால் வாடிக்கையாளர் 30 நாட்களுக்குள் பொருளைத் திருப்பித் தரலாம். பிப்ரவரி 25 அன்று விற்ற பொருள் மார்ச் 20 அன்று திரும்பிவர, விற்பனை வரிசையிலேயே தொகை சுழியமாக்கப்படுகிறது. வரிசையின் தேதியோ பிப்ரவரி 25. அந்தப் பகுப்பு இனித் தொடப்படாததால், டாஷ்போர்டு பழைய தொகையையே காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது. மாதவாரிக் கூட்டுத்தொகையை மூலத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே வேறுபாடு தெரியும்.

கடைசியாக மாறிய நேரத்தைக் கண்காணிக்கும் வசதி இதற்குத் தீர்வாகாது. அதுவும் சாளரத்துக்குள்தான் பார்க்கும். சாளரத்தை இரண்டு மாதமாக்கலாம். இன்னும் நல்லது, திரும்பிய பொருளைத் தனி வரிசையாக, அது திரும்பிய தேதியிலேயே பதிவது. பழைய வரிசைகள் அடிக்கடி திருத்தப்பட்டோ நீக்கப்பட்டோ வந்தால் முழு மறுஏற்றமே பாதுகாப்பானது.

அட்டவணை சில நிமிடங்களில் ஏறிவிடுமானால் பகுதிப் புதுப்பித்தலுக்கு அவசியமே இல்லை. பொருட்பட்டியல், கிளைப்பட்டியல் போன்ற சிறு அட்டவணைகளை எப்போதும் முழுதாக ஏற்றுவதே வழக்கம். புரோ உரிமத்தில் ஒரு புதுப்பித்தல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். விற்பனை அட்டவணை அந்த எல்லையை நெருங்கும்போது பகுதிப் புதுப்பித்தல் தேவையாகிறது.

அதுவும் தேதி வடிகட்டல் மூலத் தரவுத்தளத்திலேயே நடந்தால்தான் பயன்தரும். நடக்காவிட்டால் ஒவ்வொரு பகுப்புக்கும் முழு அட்டவணையும் இறங்கி, பின்னரே வடிகட்டப்படும். நேரம் முன்னைவிடக் கூடும். பவர் குவெரியில் அந்தப் படியை வலச்சொடுக்கி, View Native Query மங்கலாக இருக்கிறதா எனப் பார்ப்பது முதல் சோதனை. டெஸ்க்டாப்பிலிருந்து அறிக்கையை மீண்டும் வெளியிட்டால் சேர்ந்திருந்த பகுப்புகள் அழிந்துவிடும். அடுத்த புதுப்பித்தலில் ஏழு ஆண்டுகளும் மறுபடி ஏறும்.