கனடா மாப்பிள்ளையின் படம் யாருடையது?

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ் ஏறி, பதுளை நகரில் துணிக்கடையொன்றுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரவு வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் முகநூலில் ஒரு நட்பு அழைப்பு. கனடாவில் பொறியியலாளராம், பூர்வீகம் ஹாலிஎலயாம். படத்தில் கோட் சூட் அணிந்த இளைஞர். மூன்றாம் நாளே பேச்சு வட்ஸ்அப்புக்கு மாறுகிறது. இரண்டு வாரத்தில் கல்யாணப் பேச்சு. ஒரு மாதத்தில், "உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், சுங்கத்தில் நிற்கிறது, காசு கட்டி எடு" என்கிறார்.

பார்சல் வரும் நேரத்தில் சந்தேகப்படுவது கடினம். அதற்குள் மனம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். முரண்பாடு எதைக் கண்டாலும் நாமே அவருக்காகக் காரணம் தேடுவோம். ஆகவே சோதிக்க வேண்டியது முதல் வாரத்தில்.

முதலில் படம். அமெரிக்க இராணுவத்தின் ஓய்வுபெற்ற கேர்ணல் பிரையன் டெனியின் படங்களைத் திருடி, ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் தொடங்கப்பட்டன. அவற்றை நம்பிப் பணம் இழந்த பெண்கள் பலர். படத்தில் இருந்தவர் உண்மையான மனிதர்தான். ஆனால் பேசியவர் அவரல்ல. படம் உண்மையானது என்பதால் பேசுபவரும் உண்மையானவர் என்று ஆகிவிடாது.

படத்தைக் கைபேசியில் சேமித்து, கூகுள் செயலியில் கமெரா அடையாளத்தைத் தொட்டு, Google Lens மூலம் தேடலாம். முகத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் பின்னணியோடு முழுப் படத்தையும் கொடுங்கள். முகத்தை மட்டும் கொடுத்தால் அதே சட்டை, அதே தலைமுடி உள்ள வேறு ஆட்களைத்தான் பெரும்பாலும் காட்டும். Exact matches என்ற பகுதி இருந்தால் அங்கே பாருங்கள். அதே படம் வேறு பெயரில், வேறு நாட்டில் இருந்தால் விடயம் முடிந்தது.

ஒன்றும் கிடைக்கவில்லையா? அதனால் ஆள் உண்மையானவர் என்று ஆகாது. தனிப்பட்ட முகநூல் கணக்கிலிருந்து எடுத்த படம் தேடலில் வராது. சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுகிறார்கள். சட்டையில் அல்லது பின்னாலுள்ள பலகையில் எழுத்துகள் தலைகீழ்க் கண்ணாடி போல் தெரிந்தால் அதுதான் அடையாளம். படத்தைக் கைபேசியிலேயே மீண்டும் திருப்பித் தேடுங்கள்.

அடுத்தது கணக்கு. கீழே இறக்கிக்கொண்டே போய் மிகப் பழைய பதிவைப் பாருங்கள். பத்து வருடமாகக் கனடாவில் இருப்பவருடைய எல்லாப் படங்களும் ஒரே வாரத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றனவா? படங்களுக்குக் கீழே "அண்ணா", "மச்சான்" என்று உரிமையோடு எழுதும் உறவினர் யாராவது உண்டா? ஹாலிஎலக்காரர் என்றால் எந்தத் தோட்டம், எந்தப் பாடசாலை என்று கேளுங்கள். நம் மலையகத்தில் இரண்டு பேரிடம் விசாரித்தால் குடும்பம் தெரிந்துவிடும். பெயர் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

நேரத்தையும் கவனியுங்கள். கோடை காலத்தில் டொரண்டோ நம்மைவிட ஒன்பதரை மணிநேரம் பின்னால் இருக்கிறது. பதுளையில் இரவு 10 மணி என்றால் அங்கே பகல் 12.30. அந்த நேரத்தில் நாள்தோறும் "தூங்கப் போகிறேன்" என்பவர் எங்கே இருக்கிறார் என்று யோசிக்க வேண்டும். வட்ஸ்அப் இலக்கம் வெளிநாட்டு இலக்கமாக இருப்பதை நம்ப முடியாது. அப்படி ஓர் இலக்கத்தை எங்கிருந்தும் பெற்றுவிடலாம்.

பிறகு வீடியோ அழைப்பு. முன்கூட்டிச் சொல்லாமல் எடுங்கள். பதிவுசெய்த வீடியோவை ஓட்டுபவர்களும், முகத்தை மாற்றிக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள், கையை முகத்துக்குக் குறுக்கே மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மாற்றிய முகம் அந்த இடத்தில் பெரும்பாலும் கலங்கும். ஒவ்வொரு முறையும் கமெரா பழுது, நெட் இல்லை என்றால் பேச்சை நிறுத்துவது நல்லது.

நம் உதாரணப் பெண் இதையெல்லாம் முதல் வாரத்தில் பார்த்திருந்தால் பார்சல் கதை வந்திருக்காது. அப்படியும் வந்துவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சுங்கத் தீர்வை தனியாளின் வங்கிக் கணக்குக்குக் கட்டப்படுவதில்லை. "சுங்க அதிகாரி" என்று தொலைபேசியில் பேசுபவரும் பெரும்பாலும் அதே கும்பல்தான்.

காசு போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கிக்கு அழையுங்கள். அரட்டையை அழிக்காமல், இலக்கம், கணக்கு விபரம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இல் அழைத்தும் ஆலோசனை பெறலாம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் நாட்களில்தான் "பார்சலை விடுவிக்க இன்னும் கொஞ்சம்" என்ற இரண்டாவது அழைப்பு வரும்.