அரஃபாவுக்கு வராத குறைஷியர்

ஜுபைர் இப்னு முத்இமின் ஒட்டகம் ஒன்று தொலைந்துபோனது. ஹிஜ்ரத்துக்கு முந்தைய காலம், அரஃபா நாள். ஒட்டகத்தைத் தேடிக்கொண்டு அரஃபா மைதானம் வரை போய்விட்டார் ஜுபைர். அங்கே வெளியூர் அரபிகளின் கூட்டத்தில் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் நிற்பதைக் கண்டு திகைத்தார். இவர் நம்ம குறைஷி ஆளாயிற்றே, இவருக்கு இங்கே என்ன வேலை என்றுதான் அவருக்குத் தோன்றியது. புகாரி நூலில் பதிவாகியிருக்கும் செய்தி இது.

இந்தத் திகைப்பின் காரணம் தெரிந்தால் ஹஜ்ஜின் பணிவு எங்கே இருக்கிறது என்பது விளங்கும். அரஃபா, மக்காவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், புனித எல்லையான ஹரமுக்கு வெளியே இருக்கிறது. துல்ஹஜ் பிறை 9 அன்று மற்ற அரபிகள் எல்லோரும் அங்கே போய் நின்றார்கள். குறைஷியர் மட்டும் போகமாட்டார்கள். நாங்கள் கஅபாவின் காவலர்கள், ஹரமை விட்டு வெளியே வரமாட்டோம் என்று சொல்லி, எல்லைக்குள் இருக்கும் முஸ்தலிஃபாவிலேயே நின்றுவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் தாங்கள் உடுத்தி வந்த துணியில் கஅபாவைச் சுற்றக் கூடாது என்றும் வைத்திருந்தார்கள். குறைஷியரிடம் துணி வாங்கி உடுத்த வேண்டும், கிடைக்காவிட்டால் நிர்வாணமாகச் சுற்ற வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தனி வரிசை, மற்றவர்களுக்குத் தனி வரிசை என்பது அன்றும் இருந்தது.

இதை உடைத்தது குர்ஆன். இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் 199-ஆம் வசனம், மக்கள் எல்லோரும் எங்கிருந்து திரும்புகிறார்களோ அங்கிருந்தே நீங்களும் திரும்புங்கள் என்று குறைஷியருக்குக் கட்டளையிட்டது. ஹிஜ்ரி 9-இல் நிர்வாண தவாஃப் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, கி.பி. 632-இல், நபியவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுக்கு வந்தபோது, முஸ்தலிஃபாவிலேயே நின்றுவிடுவார்கள் என்று குறைஷியர் எதிர்பார்த்தார்கள். நபியவர்களோ அதைக் கடந்து அரஃபாவுக்குப் போனார்கள். குறைஷியர் தவிர்த்த அந்த மைதானம்தான் ஹஜ்ஜின் உயிர்நாடி. 9-ஆம் நாள் நண்பகல் முதல் மறுநாள் வைகறைக்குள் சற்று நேரமாவது அரஃபாவில் இருக்கத் தவறியவருக்கு அந்த ஆண்டு ஹஜ் இல்லை. மற்ற பல தவறுகளுக்கு ஆடு அறுத்துப் பரிகாரம் தேடலாம், இதற்கு முடியாது. அங்குள்ள நமிரா பள்ளிவாசலின் முன்பகுதி அரஃபா எல்லைக்கு வெளியே இருக்கிறது. தொழுதுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அப்படியே கிளம்பிவிடுபவர் அரஃபாவுக்கே வராதவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதனால் உள்ளேயே எல்லைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இஹ்ராம் துணியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆண்களுக்குத் தைக்காத இரண்டு துணி. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. தலைப்பாகை, தொப்பி கிடையாது, அத்தர் கிடையாது, நகமும் முடியும் வெட்டக் கூடாது. பெண்கள் வழக்கமான உடையிலேயே இருக்கலாம், ஆனால் முகத்திரையும் கையுறையும் கூடாது. இஹ்ராமைக் கஃபன் துணியோடு ஒப்பிடாத பயான் இல்லை. எனக்கு அதைவிட அந்தக் குறைஷியரின் துணி வழக்கம்தான் நினைவுக்கு வரும். இன்னார் துணிதான் புனிதம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. துணியோடு நாக்குக்கும் கட்டுப்பாடு உண்டு. இஹ்ராமில் ஆபாசப் பேச்சும் பாவமும் சச்சரவும் கூடாது என்கிறது குர்ஆன். நெரிசலில் கால் மிதிபடும்போது வாயை அடக்குவதுதான் வெயிலைவிடக் கடினம் என்று போய்வந்த ஹாஜிமார்கள் சொல்வார்கள்.

சரி, போக வழியில்லாதவர் என்ன செய்வது? துல்ஹஜ் பிறந்தால் பள்ளிவாசல் பயான்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ‘இருக்கிற நகையை வித்தாவது போயிடலாமா ஹஜ்ரத்?’ என்று கேட்பவர்களும் உண்டு. ஹஜ் கடமையாவதே சக்தி உள்ளவர்மீதுதான். சக்தி என்பது டிக்கெட் காசு மட்டுமல்ல. கடன் அடைத்த பிறகு, திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பவர்களின் செலவுக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்ச வேண்டும். உடலும் தாங்க வேண்டும், பாதையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இது இல்லாதவர் கடமை தவறியவர் அல்ல, அவர்மீது கடமையே வரவில்லை.

யமன் நாட்டினர் சிலர் அல்லாஹ்மீது பாரத்தைப் போட்டுவிட்டோம் என்று கையில் ஒன்றும் இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கையேந்தினார்கள். வழிச்செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வசனம் இறங்கியது அதனால்தான் என்கிறார் இப்னு அப்பாஸ் (ரலி). பணிவு போலத் தெரிந்தது அங்கே பிறருக்குச் சுமையாகிவிட்டது. இது பழங்கதையும் அல்ல. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அனுமதி பெறாமல் வந்தவர்கள் என்று சவூதி அரசு சொன்னது. அனுமதி இல்லாததால் கூடாரமும் பேருந்தும் இல்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்கள். ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதுகாப்பை நிபந்தனையாக வைத்த பழைய ஃபிக்ஹு அறிஞர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை.

பணம் இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பவருக்கு வழி வேறு. இறுதி ஹஜ்ஜில் ஒரு பெண் வந்து, வாகனத்தில் உட்காரக்கூட முடியாத தன் முதிய தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கேட்டபோது நபியவர்கள் அனுமதித்தார்கள். பதல் ஹஜ் என்பது இதுதான். போகிறவர் தன்னுடைய ஹஜ்ஜை முதலில் முடித்திருக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம்.

இரண்டுக்கும் வழியில்லாமல் வீட்டில் இருப்பவருக்கென்றே ஒரு வணக்கம் இருக்கிறது, அரஃபா நோன்பு. கடந்த ஓராண்டு, வரும் ஓராண்டுப் பாவங்களுக்கு அது பரிகாரம் என்பது நபிமொழி. சிறு பாவங்களைத்தான் இது குறிக்கும் என்பார்கள் பெரும்பாலான அறிஞர்கள். அரஃபாவில் நிற்கும் ஹாஜிக்கு இந்த நோன்பு சுன்னத் இல்லை. இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள் அன்று நோன்பா இல்லையா என்று கூட இருந்தவர்கள் சர்ச்சை செய்தபோது, உம்முல் ஃபள்ல் (ரலி) ஒரு கிண்ணம் பால் கொடுத்தனுப்பினார்கள். ஒட்டகத்தின் மேல் இருந்தபடியே எல்லோரும் பார்க்க அதைக் குடித்தார்கள் நபியவர்கள்.

எந்த நாளில் நோற்பது என்பதில் நம்மூரில் ஆண்டுதோறும் தகராறு. 2024-இல் ஹாஜிகள் அரஃபாவில் நின்றது ஜூன் 15, சனிக்கிழமை. தமிழ்நாட்டில் பிறைக் கணக்குப்படி பெருநாள் 17 திங்கள், ஆகவே பிறை 9 என்பது 16 ஞாயிறு. அவரவர் ஊர்ப் பிறையே கணக்கு என்பவர்கள் ஞாயிறு நோற்றார்கள், ஹாஜிகள் நிற்கும் நாளே அரஃபா நாள் என்பவர்கள் சனி. பிறையை விடுங்கள், நேரமே ஒத்துவராது. அங்கே நண்பகலாகி அரஃபா நேரம் தொடங்கும்போது இங்கே பிற்பகல் மூன்று மணியை நெருங்கியிருக்கும். அங்கே சூரியன் மறையும்போது நாம் நோன்பு திறந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். இரு தரப்பிலும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இதற்காகப் பள்ளிவாசல் வாசலில் சண்டை போடுவது மட்டும், இஹ்ராமில் விலக்கப்பட்ட அதே சச்சரவு.

குர்பானி கொடுக்க எண்ணியவர் பிறை பிறந்ததிலிருந்து பிராணியை அறுக்கும்வரை நகமும் முடியும் வெட்டாமல் இருப்பதும் சுன்னத். இஹ்ராமின் ஒரு சிறு பங்கு அப்படி ஊரில் இருப்பவருக்கும் கிடைக்கிறது. குர்பானிக்கும் வசதி இல்லையே என்று கேட்பவருக்கு அபூதாவூத் நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. பெருநாள் தொழுது, பேருரை முடித்து, மிம்பரிலிருந்து இறங்கிய நபியவர்கள் ஒரு ஆட்டுக்கடாவைத் தம் கையால் அறுத்தார்கள். அதைத் தமக்காகவும், தம் சமுதாயத்தில் குர்பானி கொடுக்காதவர்களுக்காகவும் என்று சொல்லியே அறுத்தார்கள்.