குருவியில் தப்பு வராது, குரங்கில் வரும்

நான்காம் வகுப்பு எடுக்கும் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் எனக்கு எழுதிய கடிதம் இப்படித் தொடங்குகிறது: “ஐயா, வணக்கம். படத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுதச் சொன்னால் என் பிள்ளைகள் குளத்தைக் கொளம் என்று எழுதுகிறார்கள். குரங்கு கொரங்கு ஆகிறது, விறகு வெறகு ஆகிறது, கிணறு கெணறு ஆகிறது. ஆனால் குருவியை ஒரு பிள்ளைகூடக் கொருவி என்று எழுதவில்லை. கிளி, முடி, முட்டை, கிண்ணம் எல்லாம் சரியாக வருகின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்களோ என்று தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். அப்போதும் அதே சொற்களில் அதே தப்புகள். கவனக்குறைவு என்றால் இப்படி ஒரே மாதிரி வருமா?”

வராது. கவனக்குறைவால் வரும் பிழை எந்த எழுத்திலும் விழும், எந்தப் பக்கமும் போகும். இந்தப் பிள்ளைகளின் பிழை சில சொற்களைத் தேடிப் போய்ப் பிடிக்கிறது, சிலவற்றைத் தொடுவதே இல்லை. ஆசிரியர் தந்த பட்டியலிலேயே விடை இருக்கிறது. அதைப் பிரித்து அடுக்கினால் போதும்.

குருவியையும் குரங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ‘கு’வில் தொடங்குகின்றன, இரண்டிலும் அடுத்து வருவது ரகர மெய். அதற்கு அடுத்த உயிர்தான் வேறு: குருவியில் உ, குரங்கில் அ. மற்ற சொற்களையும் இப்படிப் பாருங்கள். குளம், விறகு, கிணறு, இலை, புகை, உடம்பு ஆகிய எல்லாவற்றிலும் முதலில் குறில் இ அல்லது உ, பிறகு ஒற்றை மெய், பிறகு அ அல்லது ஐ. இந்த மூன்றும் கூடினால் இ, எ ஆகிறது. உ, ஒ ஆகிறது. கிளியிலும் முடியிலும் பின்னால் வருவது இகரம், ஆகவே மாற்றம் இல்லை. முட்டையில் பின்னால் ஐ இருந்தாலும் நடுவில் இரண்டு மெய்கள் நிற்கின்றன, ஆகவே அங்கும் மாற்றம் இல்லை. கிண்ணம், குப்பை, சுண்டல் தப்புவதும் இதனால்தான். பூனையும் வீரமும் நெடிலில் தொடங்குவதால் இந்த விதி அவற்றின் பக்கமே போகாது.

இந்த விதியைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் வீட்டிலும் தெருவிலும் பேசும் தமிழ் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளை தன் காதுக்குத் தெரிந்த சொல்லை எழுத்துக் கூட்டி எழுதுகிறது, பிசகாமல் எழுதுகிறது. கொரங்கு என்று எழுதிய பிள்ளை ஒலியைச் சரியாகப் பிரித்திருக்கிறது, ஒவ்வொரு ஒலிக்கும் உரிய எழுத்தையும் சரியாகத் தேர்ந்திருக்கிறது. அது எழுதிய சொல் பேச்சுத் தமிழ்ச் சொல், அவ்வளவுதான்.

நாக்கு ஏன் இப்படிச் செய்கிறது? இ சொல்லும்போது நாக்கின் முன்பகுதி மேலே எழும்புகிறது. உ சொல்லும்போது பின்பகுதி எழும்பி உதடு குவிகிறது. அ சொல்ல நாக்கு கீழே இறங்கி வாய் திறக்க வேண்டும். உச்சியில் இருந்து அடிக்கு ஒரு மெய்யெழுத்து நேரத்தில் இறங்க வேண்டியிருப்பதால், வரப்போகும் அகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே பாதி இறங்கிவிடுகிறது. அந்தப் பாதி உயரத்தில் பிறக்கும் ஒலிகள்தான் எகரமும் ஒகரமும். நடுவில் இரட்டை மெய் இருந்தால் அந்த இழுப்பு முதல் உயிரை எட்டுவதில்லை.

இது இன்றைக்கோ நேற்றைக்கோ வந்த பழக்கமும் இல்லை. பக்கத்தில் கன்னடத்தைக் கேளுங்கள். நம் இலை அங்கே எலெ, விலை பெலெ, நிலம் நெல, குடை கொடெ, புகை ஹொகெ, குளம் கொள, முயல் மொல. நம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் அந்த உயிரொலி, கன்னடத்தில் எழுத்து மொழியாகவே இருக்கிறது. தமிழ் எழுத்து மொழி இகர உகரத்தின் பக்கம் நின்றுகொண்டது, பேச்சு மறுபக்கம் போயிற்று. அதனால் கன்னடப் பிள்ளைக்கு இந்த இடத்தில் இல்லாத ஒரு சுமை தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கிறது.

விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. இவன், இவள், இவர் என்ற சொற்களில் விதி கேட்கும் மூன்றும் இருக்கின்றன. இருந்தும் யாரும் அவற்றை எவன், எவள், எவர் என்று சொல்வதில்லை, பிள்ளைகளும் அப்படி எழுதுவதில்லை. மாற்றினால் சுட்டுச்சொல் கேள்விச்சொல் ஆகிவிடும். இது, இங்கே, இந்த என்று உறவுச் சொற்கள் எல்லாம் இகரத்தோடு நிற்பதும் அந்த இகரத்தைப் பிடித்து வைக்கிறது. ஆசிரியர் தம் வகுப்பு நோட்டுகளில் இதைச் சரிபார்க்கலாம். எலை என்று எழுதும் அதே பிள்ளை ‘இவன்’ என்பதைச் சரியாக எழுதியிருக்கும்.

பெட்டியைப் பொட்டி என்றும் பெண்ணைப் பொண்ணு என்றும் எழுதுவது வேறு கணக்கு. அங்கே நடுவில் இரட்டை மெய் இருக்கிறது, முதல் உயிரும் எகரம். முன்னால் ப் என்ற இதழொலியும் பின்னால் ட், ண் போன்ற நாமடி ஒலியும் நெருக்குவதால் எகரம் உதடு குவிந்து ஒகரமாகிறது. இரண்டு விதிகளையும் ஒரே பட்டியலில் கலந்தால் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

கடிதத்தின் பின்பாதியில் ஆசிரியர் இன்னொன்று கேட்டிருந்தார். “நன்றாகப் படிக்கும் ஒரு பெண், செலவு என்பதைச் சிலவு என்றும் தொடை என்பதைத் துடை என்றும் எழுதுகிறாள். எலை, கொளம் என்று அவள் எழுதுவதே இல்லை. இது எங்கிருந்து வந்தது?”

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பெண்ணுக்கு எழுத்துத் தமிழ் பிடிபட்டுவிட்டது. பேச்சில் எகரம் வந்தால் எழுத்தில் இகரம், பேச்சில் ஒகரம் வந்தால் எழுத்தில் உகரம் என்று பல சொற்களில் பார்த்துத் தானாகவே ஒரு திருத்த விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள். இலைக்கும் குளத்துக்கும் அது பொருந்துகிறது. ஆனால் செலவிலும் தொடையிலும் எகரமும் ஒகரமும் எழுத்திலேயே உள்ளவை. அவள் அவற்றையும் ‘திருத்தி’விடுகிறாள். மொழியியலில் இதற்கு மிகைத்திருத்தம் என்று பெயர். பெரியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். பழைய கணக்கு நோட்டுகளில் ‘வரவு சிலவு’ என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். வகுப்பில் எலை, கொளம் குறைந்து சிலவு, துடை தலைகாட்டினால், பிள்ளைகள் ஒரு படி ஏறியிருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். இரண்டு பிழைக்கும் ஒரே சிவப்புச் சுழி போட்டால் இந்த முன்னேற்றம் ஆசிரியர் கண்ணிலேயே படாது.

பிள்ளைகளின் பிழையில் அவர்கள் காது தெரியும் என்பதை 1971இல் சார்ல்ஸ் ரீட் என்ற அமெரிக்க மொழியியலாளர் விரிவாகக் காட்டினார். பள்ளிக்குப் போகும் முன்பே தாமாக எழுதப் பழகிய ஆங்கிலக் குழந்தைகள் ‘ட்ர’ என்று தொடங்கும் சொற்களை ‘ச்ர’ என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் ரகரத்துக்கு முன் வரும் டகரம் உண்மையிலேயே சகரத்தை நெருங்கித்தான் ஒலிக்கிறது. பெரியவர்களுக்கு எழுத்துப் பழகிவிட்டதால் அது கேட்பதில்லை.

எல்லாப் பிழையும் இந்த வகை அல்ல. ஆசிரியர் செய்யக்கூடிய எளிய சோதனை, பிழை எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பது. உகரம் ஒகரமாவது நிறைய, ஒகரம் உகரமாவது அபூர்வம் என்றால் பின்னால் ஒரு பேச்சு விதி இருக்கிறது. ரகரமும் றகரமும் மாறுவதை எடுத்துக்கொண்டால் மரம் மறம் ஆகிறது, அறை அரை ஆகிறது, பிழை இரு திசையிலும் போகிறது. பெரும்பாலான ஊர்ப் பேச்சில் இந்த இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டதால் காது அங்கே எந்த உதவியும் செய்யாது. ழகரம் ளகரமாகிவிட்ட ஊர்களில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் அதே நிலைதான். அங்கே சொல்லைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் மனத்தில் பதிய வைக்க வேண்டும். ‘நன்றாகக் காது கொடுத்துக் கேள்’ என்று சொல்லிப் பயனில்லை.

குளம், குரங்கு வகைக்கு வேறு வழி உண்டு. சந்தேகம் வரும் சொல்லுக்கு ஓர் உறவுச் சொல்லைத் தேடச் சொல்லலாம். அந்த உறவுச் சொல்லில் பின்னால் அகரமோ ஐகாரமோ வரக்கூடாது, அல்லது நடுவில் இரட்டை மெய் இருக்க வேண்டும். அங்கே உயிர் மாறாமல் இருக்கும். பேச்சில் வெல என்று கேட்கும் சொல்லுக்கு விற்பனை என்ற உறவு இருக்கிறது, ஆகவே விலை. நெல என்று கேட்பதற்கு நின்றான், ஆகவே நிலை. ஒட என்பதற்கு உடுத்து, ஆகவே உடை. மறுபுறம், செலவுக்குச் செல் என்பதும் கொலைக்குக் கொன்றான் என்பதும் உறவு. அவற்றில் எகரமும் ஒகரமும் இருப்பதால் திருத்தத் தேவையில்லை. எழுத்திலும் எ, ஒ வரும் இத்தகைய சொற்களில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு வினைச்சொல் நிற்கும்.

இந்த வழி சில இடங்களில் கைவிடும். கொடை என்ற சொல்லுக்கு உறவு தேடினால் கொடு கிடைக்கும், ஆனால் பிள்ளை வீட்டில் அதைக் ‘குடு’ என்று சொல்கிறது. அதை நம்பிக் குடை என்று எழுதினால் மழைக்குப் பிடிக்கும் குடையாகிவிடும். தொடைக்கும் கைகொடுக்கும் உறவு இல்லை. இலை, குளம், குரங்கு, விறகு, கிணறு ஆகியவற்றுக்கும் இல்லை. உறவுச் சொல் உள்ளவற்றை ஒரு பட்டியலாகவும் இல்லாதவற்றை இன்னொரு பட்டியலாகவும் வகுப்புச் சுவரில் ஒட்டலாம். இரண்டாம் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

எந்த ஒழுங்கிலும் அடங்காத பிழைகளைத் தனியே எடுத்து வையுங்கள். மரத்தை ‘மம்’ என்று எழுதுவது, எழுத்துகள் இடம் மாறுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது போன்றவை ஒரு பிள்ளையிடம் தொடர்ந்து வந்தால், அந்தப் பிள்ளையின் பார்வையையும் செவியையும் மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். இரண்டிலும் குறையில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சிறப்பாசிரியரை அணுக வேண்டும். கொரங்கு என்று எழுதும் பிள்ளைக்கு இவை எதுவும் வேண்டியதில்லை.