ஆப்ஷன் விலையில் ஒளிந்திருக்கும் டிவிடெண்ட்

ஆப்ஷன் விலை போடும் கால்குலேட்டரைத் திறந்தால் ஆறு கட்டங்கள் இருக்கும். பங்கின் இன்றைய விலை, ஸ்டிரைக் விலை, எக்ஸ்பைரிக்கு மீதமுள்ள நாட்கள், வாலட்டிலிட்டி, வட்டி, டிவிடெண்ட். முதல் மூன்றும் கண்ணெதிரே தெரிபவை. நான்காவதைப் பற்றித்தான் டிரேடர்கள் ஓயாமல் பேசுவார்கள். கடைசி இரண்டைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. வட்டிக் கட்டத்தில் ஏற்கெனவே எந்த எண் இருக்கிறதோ அது அப்படியே இருக்கும். டிவிடெண்ட் கட்டத்தில் பூஜ்யம் நிற்கும்.

இதனால் எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். எண்கள் கற்பனை, சூத்திரம் 1973இல் வந்த பிளாக்-ஷோல்ஸ். பங்கு விலை 1,000 ரூபாய், ஸ்டிரைக்கும் 1,000. எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம். வாலட்டிலிட்டி ஆண்டுக்கு 25 சதவீதம், வட்டி 6.5 சதவீதம், டிவிடெண்ட் இல்லை. கால் ஆப்ஷனுக்கு 57.91 ரூபாயும் புட் ஆப்ஷனுக்கு 41.79 ரூபாயும் வருகின்றன.

முதலில் வட்டி. ரிஸ்க் இல்லாத வட்டி என்பது, கொடுத்த பணம் திரும்பி வருமா என்ற கவலையே இல்லாமல் கிடைக்கும் வட்டி. இந்தியாவில் இதற்குப் பலரும் எடுத்துக்கொள்வது, ரிசர்வ் வங்கி வாரந்தோறும் ஏலம் விடும் 91 நாள் ட்ரெஷரி பில்லின் வட்டி. ஆப்ஷனின் ஆயுள் எவ்வளவோ அதே அளவு ஆயுள் கொண்ட வட்டியை எடுப்பதே முறை. மூன்று மாத ஆப்ஷனுக்குப் பத்து வருட அரசுப் பத்திரத்தின் வட்டியைப் போடுவது தவறு. ரெப்போ விகிதமும் பொருந்தாது, அது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் மிகக் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்கானது.

இந்தத் தவறைச் செய்தால் எவ்வளவு போகும்? 6.5க்குப் பதில் 7.5 என்று போட்டால் கால் விலை 1 ரூபாய் 30 காசு கூடும். அவ்வளவுதான். இதே ஆப்ஷனுக்கு ஒரு மாதமே இருந்தால் வித்தியாசம் 43 காசு, ஒரு வருடம் இருந்தால் 5 ரூபாய்க்குச் சற்று மேல். ட்ரெஷரி பில்லின் வட்டி தனிவட்டிக் கணக்கில் வருகிறது, சூத்திரம் தொடர்கூட்டு வட்டியைக் கேட்கிறது என்று சிலர் மண்டையை உடைத்துக்கொள்வதுண்டு. மூன்று மாதத்துக்கு அந்த மாற்றம் 6.5ஐ 6.45 ஆக்கும், விலையில் சில காசுகள்தான் நகரும். மாறாக, யாரோ எப்போதோ போட்டு வைத்த 10 சதவீதத்தை அப்படியே விட்டால் கால் 62.54 ஆகிவிடும், புட் 37.85க்கு இறங்கிவிடும். நாலரை ரூபாய்க்கு மேல் பிழை. வட்டியில் தசம இடங்களைத் துரத்த வேண்டாம், பழைய எண் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

டிவிடெண்ட் அப்படி இல்லை. அதே பங்குக்கு இன்னும் ஒன்றரை மாதத்தில் 15 ரூபாய் டிவிடெண்ட் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் தேதியன்று பங்கு விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித் தொடங்கும். பங்கு வைத்திருப்பவருக்கு அந்தப் பணம் கைக்கு வரும். கால் வைத்திருப்பவருக்கு எதுவும் வராது, விலை இறக்கம் மட்டும்தான் அவர் பங்கு. ஆகவே கணக்கில் அந்த 15 ரூபாயின் இன்றைய மதிப்பான 14.88ஐப் பங்கு விலையிலிருந்து முதலிலேயே கழித்துவிட வேண்டும். 985.12ஐ வைத்துக் கணக்கிட்டால் கால் 49.68, புட் 48.44. டிவிடெண்டை மறந்தவர் காலுக்கு 8.23 ரூபாய் அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார், அதாவது நியாயமான விலைக்கு மேல் ஆறில் ஒரு பங்கு. ஒரு லாட்டில் 500 பங்கு என்றால் 4,115 ரூபாய்.

பெரிய டிவிடெண்ட் என்றால் எக்ஸ்சேஞ்சே பார்த்துக்கொள்ளும். பங்கின் சந்தை விலையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்டிரைக் விலையிலிருந்தே டிவிடெண்ட் தொகையைக் கழித்துவிடுவார்கள். இந்த வரம்பு முன்பு 10 சதவீதமாக இருந்து, பிறகு 5 ஆகி, 2022இல் 2 ஆனது. நம் உதாரணத்தில் 15 ரூபாய் என்பது 1.5 சதவீதம், எனவே யாரும் எதையும் திருத்த மாட்டார்கள். மாட்டிக்கொள்வது இந்த 2 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றில்தான்.

இன்னொரு பொறி, டிவிடெண்டை ஆண்டு விகிதமாகப் போடுவது. நம் நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை 15 ரூபாய் தருகிறது என்றால் விகிதம் 3 சதவீதம். கட்டத்தில் 3 என்று போட்டால் சூத்திரம் அந்தத் தொகையை வருடம் முழுக்கச் சமமாகப் பரப்பி, மூன்று மாதத்துக்குச் சுமார் 7.50 ரூபாயை மட்டும் கழிக்கும். உண்மையில் எக்ஸ் தேதி எக்ஸ்பைரிக்குள் வந்தால் 15 ரூபாயும் போகும், எக்ஸ்பைரிக்குப் பிறகு வந்தால் ஒரு பைசாகூடப் போகாது. 3 என்பது இரண்டு நிலைக்கும் தவறான விடையையே தரும். நிஃப்டி போல ஐம்பது நிறுவனங்களின் டிவிடெண்டுகள் வெவ்வேறு தேதிகளில் வரும் குறியீட்டுக்கு விகிதம் ஓரளவு பொருந்தும், தனிப் பங்குக்குத் தேதிதான் எல்லாம். ஜெர்மனியின் டாக்ஸ் குறியீட்டிலோ டிவிடெண்டை மறுமுதலீடு செய்தே கணக்கிடுகிறார்கள், அதனால் அதன் ஆப்ஷனுக்குப் பூஜ்யம் போடுவதுதான் சரி.

டிவிடெண்ட் விடுபட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையில் கால் 49.68க்கும் புட் 48.44க்கும் விற்கின்றன என்று கொள்வோம். டிவிடெண்ட் கட்டத்தில் பூஜ்யத்தை வைத்துவிட்டு, இந்த விலைகளிலிருந்து பின்னோக்கி வாலட்டிலிட்டியைக் கேட்டுப் பாருங்கள். காலுக்கு 20.8 சதவீதம் என்றும் புட்டுக்கு 28.4 சதவீதம் என்றும் வரும். ஒரே பங்கு, ஒரே ஸ்டிரைக், ஒரே எக்ஸ்பைரி. பங்கின் ஏற்ற இறக்கம் இரண்டு விதமாக இருக்க முடியாது. "கால் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடு" என்று தோன்றும் இடம் இதுதான். மலிவு எதுவும் இல்லை, சந்தை கழித்துவிட்ட 15 ரூபாயை நாம் கழிக்கவில்லை. பணப்புழக்கம் குறைந்த ஸ்டிரைக்குகளில் பழைய விலை நிற்பதாலும் இப்படி விலகல் வரலாம், அதனால் நன்றாக வியாபாரமாகும் ஸ்டிரைக்கில் பார்க்க வேண்டும்.

ஃபியூச்சர்ஸ் விலை இதைவிட நேரான சாட்சி. டிவிடெண்ட் இல்லையென்றால் மூன்று மாத ஃபியூச்சர்ஸ், வட்டியைச் சேர்த்து 1,016.38 ரூபாயை ஒட்டி இருக்க வேண்டும். அது 1,001.26இல் நிற்கிறது என்றால் சந்தை வட்டியைக் கூட்டி, டிவிடெண்டைக் கழித்தே விலை சொல்கிறது. நிறுவனம் இன்னும் டிவிடெண்டை அறிவிக்காத நேரத்திலும் எதிர்பார்ப்பு இந்த விலையில் ஏறியிருக்கும். ஆனால் வட்டி எவ்வளவு, டிவிடெண்ட் எவ்வளவு என்று ஃபியூச்சர்ஸ் பிரித்துச் சொல்லாது. நல்லவேளையாக, இப்போது நம் பங்கு ஆப்ஷன்களை எக்ஸ்பைரி அன்றுதான் பயன்படுத்த முடியும் என்பதால், அந்தப் பிரிவினையில் சிறு தவறு இருந்தாலும் விலை அதிகம் நகராது. அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் எக்ஸ் தேதிக்கு முந்தைய நாளே காலைப் பயன்படுத்தி டிவிடெண்டை வாங்கிக்கொள்ள முடியும், அங்கே இந்தக் குறுக்கு வழி போதாது.

உங்கள் கால்குலேட்டரில் டிவிடெண்டைத் தொகையாகப் போட இடமில்லை என்றால் கவலை வேண்டாம். எக்ஸ் தேதி எக்ஸ்பைரிக்குள் வருகிறதா என்று நிறுவனத்தின் அறிவிப்பில் பாருங்கள். வருகிறது என்றால் பங்கு விலைக் கட்டத்தில் 1,000க்குப் பதில் 985.12 என்று போட்டு, டிவிடெண்ட் கட்டத்தைப் பூஜ்யமாகவே விட்டுவிடுங்கள்.