விடை 62 தானா? சப்நெட் மாஸ்க் கணக்கைச் சரிபார்க்கும் வழி

ஒரு வலையமைப்புத் தொகுதியில் எத்தனை ஹோஸ்ட் முகவரிகளைப் பயன்படுத்தலாம் என்ற கேள்வி வந்தால், மாணவர்கள் பலர் சூத்திரத்தைப் போட்டு ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. அந்த எண் சரியா என்று பார்க்கச் சொன்னால், அதே சூத்திரத்தை மறுபடியும் போடுவாங்க. முதல் தடவை பிட்டுகளைத் தவறாக எண்ணியிருந்தால், இரண்டாம் தடவையும் அதே தவறான எண்தான் வரும். வேறு வழியில் போய் அதே விடைக்கு வந்து சேர்ந்தால்தான் அது சரிபார்த்தல். அந்த வேறு வழியை ஒரு கேள்வியை வைத்தே பார்ப்போம்.

ஒரு பள்ளியின் கணினி அறைக்கு 192.168.10.64 என்ற நெட்வொர்க் முகவரியும் 255.255.255.192 என்ற சப்நெட் மாஸ்க்கும் தரப்பட்டுள்ளன. (அ) பயன்படுத்தக்கூடிய ஹோஸ்ட் முகவரிகள் எத்தனை? (ஆ) 60 கணினிகள், ஓர் அச்சுப்பொறி, ஒரு ரௌட்டர் ஆகியவற்றுக்கு இவை போதுமா?

முதலில் வழக்கமான முறை. மாஸ்க்கை இரும எண்ணாக எழுதுங்க.

```
255.255.255.192
11111111.11111111.11111111.11000000
```

1 உள்ள இடங்கள் நெட்வொர்க்குக்கு உரியவை, 0 உள்ள இடங்கள் ஹோஸ்ட்டுக்கு உரியவை. இங்கே ஆறு பூஜ்யங்கள் இருப்பதால் 2^6 = 64 முகவரிகள் கிடைக்கின்றன. அவற்றில் முதல் முகவரி அந்த வலையமைப்பையே குறிப்பது. கடைசி முகவரி, வலையமைப்பில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பப் பயன்படும் பிராட்காஸ்ட் முகவரி. இந்த இரண்டையும் எந்தக் கணினிக்கும் கொடுக்க முடியாது. ஆகவே 64 - 2 = 62.

இப்போது சரிபார்ப்போம். இரும எண்ணைத் தொடவே வேண்டாம். மாஸ்க்கின் கடைசிப் பகுதியை 256-இலிருந்து கழியுங்க: 256 - 192 = 64. தொகுதிகள் 64, 64-ஆகத் தாண்டிப் போகின்றன என்று பொருள்: 0, 64, 128, 192. நம் தொகுதி 64-இல் தொடங்குகிறது, அடுத்தது 128-இல் தொடங்குகிறது. அப்படியென்றால் நம் தொகுதி 127-உடன் முடிய வேண்டும். 64 நெட்வொர்க் முகவரி, 127 பிராட்காஸ்ட் முகவரி. நடுவில் இருப்பவை 65 முதல் 126 வரை.

இந்த இடத்தில் கவனம் தேவை. 126 - 65 = 61 என்று எழுதி நிறுத்திவிடக்கூடாது. ஒரு புத்தகத்தில் 10-ஆம் பக்கம் முதல் 12-ஆம் பக்கம் வரை படித்தால் மூன்று பக்கங்கள் படித்திருக்கிறோம், இரண்டு அல்ல. இரு முனைகளையும் சேர்த்து எண்ணும்போது ஒன்றைக் கூட்ட வேண்டும். 61 + 1 = 62. இரண்டு வழியும் ஒரே விடையில் வந்து நிற்கின்றன.

கேள்வியில் 192.168.10.64-க்குப் பதிலாக 192.168.10.100 என்று ஒரு கணினியின் முகவரி தரப்பட்டிருந்தாலும் பதற வேண்டாம். 100 என்பது 64-க்கும் 127-க்கும் இடையில்தான் இருக்கிறது. தொகுதி மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை.

இன்னும் விரைவான சோதனை ஒன்று உண்டு. விடையோடு 2-ஐக் கூட்டிப் பாருங்க. வருவது 4, 8, 16, 32, 64, 128, 256 என்று இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை நிச்சயம் தவறு. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கும் இது உதவும், ஏனென்றால் ஒவ்வொரு தவறான எண்ணும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். 64 என்று எழுதியவர் இரண்டைக் கழிக்க மறந்தார். 63 என்றால் ஒன்றை மட்டும் கழித்தார். 61 என்றால் முனையைச் சேர்த்து எண்ணவில்லை. 190 என்றால் மாஸ்க்கில் உள்ள 192-ஐயே முகவரிகளின் எண்ணிக்கை என்று நினைத்துவிட்டார்.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடக்கூடாது. பூஜ்யங்களுக்குப் பதில் கடைசிப் பகுதியில் உள்ள இரண்டு 1-களை எண்ணியவர் 2^2 - 2 = 2 என்று எழுதுவார். 2 + 2 = 4, சோதனையில் தேறிவிடும்! பூஜ்யத்தை ஐந்தென்று எண்ணியவரின் 30-உம் அப்படியே தேறிவிடும். இவற்றைப் பிடித்துக் கொடுப்பது 256 - 192 = 64 என்ற கழித்தல்தான். விடையோடு 2-ஐக் கூட்டினால் அந்த 64 வர வேண்டும்.

இனி (ஆ) பகுதி. 60 + 1 + 1 = 62. சரியாகப் போதும், ஒன்றுகூட மிச்சமில்லை. ரௌட்டருக்கான முகவரியும் இந்த 62-க்குள்தான் வரும். அதற்காக (அ) பகுதியிலேயே ஒன்றைக் கழித்து 61 என்று எழுதினால் அது தவறு. ஏனென்றால் ரௌட்டரின் முகவரியும் ஒரு ஹோஸ்ட் முகவரிதான். நடைமுறையில், ஆசிரியர் ஒரு மடிக்கணினியைக் கூடுதலாக இணைத்தால் அதற்குக் கொடுக்க முகவரி இருக்காது. அதற்கு 192.168.10.130 என்று கையால் கொடுத்தாலும் பயனில்லை. அது 128-இல் தொடங்கும் அடுத்த தொகுதியைச் சேர்ந்தது. நம் தொகுதியில் இருக்கும் ரௌட்டரை அந்த மடிக்கணினி தன் வலையமைப்பில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாது.

மாஸ்க்கின் கடைசிப் பகுதி 0 ஆக இருந்தால் என்ன செய்வது? 172.16.4.0, மாஸ்க் 255.255.252.0 என்று வைத்துக்கொள்வோம். 255-ஆகவும் 0-ஆகவும் இல்லாத பகுதியில் கழியுங்க: 256 - 252 = 4. கடைசிப் பகுதி முழுவதும் ஹோஸ்ட்டுக்கு உரியது என்பதால் 4 × 256 = 1024. இரண்டைக் கழித்தால் 1022. சிலர் 4 × 254 = 1016 என்று எழுதிடுவாங்க. 1018 இரண்டின் அடுக்கு இல்லை என்பதால் விரைவுச் சோதனையே இதைக் காட்டிவிடும். காரணமும் எளிது. இந்தத் தொகுதி 172.16.4.0-இலிருந்து 172.16.7.255 வரை ஒரே தொகுதி. முதலும் கடைசியும் மட்டுமே விலக்கு. நடுவில் வரும் 172.16.4.255, பார்க்கப் பிராட்காஸ்ட் முகவரி போலத் தெரிந்தாலும், இங்கே சாதாரண ஹோஸ்ட் முகவரிதான்.

இரண்டைக் கழிக்கும் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. 255.255.255.254 என்ற மாஸ்க்கில் இரண்டே முகவரிகள் உள்ளன, சூத்திரப்படி விடை 0. ஆனால் இரண்டு ரௌட்டர்களை நேரடியாக இணைக்கும் கம்பித் தொடர்பில் அந்த இரண்டையுமே பயன்படுத்தலாம் என்று 2000-இல் வெளியான ஆர்எஃப்சி 3021 அனுமதித்தது. கேள்வியில் இத்தகைய நேரடி இணைப்பு என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் 2 என்று எழுதுங்க.

தேர்வில் விடைக்குப் பக்கத்தில் இந்த மூன்று வரிகளை எழுதிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

```
256 - 192 = 64
64 ... 127
126 - 65 + 1 = 62
```

மூன்றாவது வரியும் உங்கள் சூத்திர விடையும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் பூஜ்யங்களைத் திரும்ப எண்ணுங்க. அது சரியாக இருந்தால், மூன்றாவது வரியில் +1 இருக்கிறதா என்று பாருங்க.