சல்லடைக்கு நாக்கு கிடையாது

"காப்பிக்கொட்டைக் கடையில் பிளாண்டேஷன் ஏ ஒரு விலை, பீபெர்ரி அதைவிடக் கூடுதல். விலைக்கேற்ற ருசி உண்டா?" என்று சேலத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஏற்காட்டுத் தோட்டமொன்றில் ஒரே நாளில் பறித்த அரபிகா பழத்தை வைத்துப் பார்ப்போம். தோலை நீக்கி, ஒரே தொட்டியில் நொதிக்கவிட்டுக் கழுவி, ஒரே களத்தில் காயவைக்கிறார்கள். இப்படிக் கழுவிய அரபிகாவுக்குத்தான் 'பிளாண்டேஷன்' என்று பெயர். அது எந்தத் தோட்டத்தின் பெயரும் அல்ல. பழத்தோடு காயவைத்தால் 'செர்ரி'.

பிறகு உமி நீக்கிச் சல்லடையில் ஏற்றுவார்கள். 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்பது ஏ. 6 மில்லிமீட்டரில் நிற்பது பி, 5.5-இல் நிற்பது சி. ஒரே மரத்துக் கொட்டைகள் மூன்று சாக்குகளில், மூன்று விலைகளில் பிரிந்து போகின்றன.

இந்தப் பிரிப்பு வீண் வேலை அல்ல. அம்மா மணலில் வேர்க்கடலை வறுக்கும்போது பெரிதும் சிறிதும் கலந்திருந்தால், பெரியது பக்குவமாவதற்குள் சிறியது கருகிவிடும். காப்பிக்கும் அதே கதைதான். அளவு ஒன்றாக இருந்தால் வறுவல் ஒன்றாக வரும். தரம் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் அவ்வளவே.

எனக்குப் பிடித்த விந்தை பீபெர்ரிதான். காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முகம் ஒட்டி வளரும். அதனால்தான் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை. சில பழங்களில் ஒரு சூல் வளராமல் போகும். மிஞ்சிய ஒன்று இடமெல்லாம் தனதாக்கிக்கொண்டு உருண்டு திரளும். உருண்டை என்பதால் வறுக்கும் உருளையில் நன்றாகப் புரண்டு சீராக வெந்துவிடும். ஆனால் அதே மரம், அதே மண், அதே தொட்டி. விலையின் ஒரு பகுதி, அதைப் பொறுக்கிப் பிரிக்கும் கூலிக்கும் அரிதாகக் கிடைப்பதற்கும்தான்.

சல்லடைக்குத் தெரியாதவை பல. பழம் சிவந்து கனிந்து பறிக்கப்பட்டதா, பச்சையாக உருவப்பட்டதா என்று அது கேட்காது. தொட்டியில் அடைபட்டு அளவுமீறி நொதித்த கொட்டை வெளியே பார்க்க ஒழுங்காகவே இருக்கலாம். ஏ சாக்கில் நுழைந்துவிடும். அப்படி ஒன்று போதும், டிக்காஷன் முழுதும் அழுகல் வாடை அடிக்க. கனிந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்த தோட்டக்காரருக்கும் மொத்தமாக உருவியவருக்கும் ஒரே எழுத்தைக் கொடுப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அடுத்த முறை ஒரே தோட்டத்து ஏ, பி இரண்டிலும் நூறு நூறு கிராம் கேளுங்கள். ஒரே நாள் வறுத்ததாக இருக்கட்டும், சிக்கரி வேண்டாம். இரண்டு டம்ளரிலும் பத்துப் பத்து கிராம் கொரகொரப்பான தூள் போட்டு, 180 மில்லி வெந்நீர் ஊற்றி நான்கு நிமிடம் விடுங்கள். பால் சேர்க்காமல் முகர்ந்து, பருகிப் பாருங்கள். எது எந்த டம்ளர் என்று வீட்டில் வேறொருவர் மட்டும் தெரிந்துவைத்திருக்கட்டும். பி பிடித்துப்போனால், தயங்காமல் பி வாங்குங்கள்.