சுந்தர ராமசாமியை எந்த வரிசையில் வாசிப்பது?

திமிரியில் இருக்கும் என் அக்கா பையன் போன வருஷம் கேட்டான்: "மாமா, சு.ரா.ல முதல்ல எதைப் படிக்கட்டும்?" யோசிக்காமல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "கதையே இல்லையே மாமா." தப்பு என்னுடையது. நானும் இருபத்தி மூணு வயசில் அதே புத்தகத்தில் ஆரம்பித்து, பத்து வருஷம் சு.ரா. பக்கமே போகவில்லை.

ஜே.ஜே. என்பவர் கற்பனையான மலையாள எழுத்தாளர். நாவலில் அவர் காம்யு இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று இறந்துபோகிறார். பாலு என்ற தமிழ் எழுத்தாளன் அவரைத் தேடிப் போகிறான். பின்பாதி ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். சம்பவம் குறைவு, குரல்தான் எல்லாம். அந்தக் குரல் எங்கே நிஜமாகச் சொல்கிறது, எங்கே கிண்டல் பண்ணுகிறது என்று காது பழகாதவருக்குப் பிடிபடாது.

அந்தக் காதைப் பழக்க நான் இப்போது சொல்லும் வரிசை இது.

முதலில் 'விகாசம்' சிறுகதை. ஜவுளிக்கடையில் மனக்கணக்கிலேயே பில் போடும் கண் தெரியாத ராவுத்தர். ஒருநாள் கடைக்குக் கால்குலேட்டர் வந்துவிடுகிறது. மொழி எளிமையானது, அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலே கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து 'ரத்னாபாயின் ஆங்கிலம்'. தோழிக்கு அழகான இங்கிலீஷில் கடிதம் எழுதும்போது, ஒரு பட்டுப்புடவையைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுகிறாள் ரத்னாபாய். முதலில் சிரிப்பு வரும், பிறகு அவளை நினைத்து மனசு கனக்கும். கிண்டலும் பரிவும் ஒரே வாக்கியத்தில் வருவதை இங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

மூணாவது 'ஒரு புளியமரத்தின் கதை' (1966). முன்பகுதியில் தாமோதர ஆசான் வாய்மொழியாகக் கதை சொல்கிறார். பிறகு கடைவீதி, வியாபாரப் போட்டி, தேர்தல் என்று நாவல் விரிகிறது. ஆசானின் கதைகளில் என்ன நடந்தது என்பதைவிட யார் சொல்கிறார் என்பது முக்கியமாகிவிடும். ஜே.ஜே.க்கு வேண்டிய பயிற்சி இதுதான்.

நாலாவதாக ஜே.ஜே. கடைசியில் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998). முப்பதுகளின் கோட்டயத்தில் ஒரு குடும்பம். நிதானமான, பெரிய நாவல். முன்னே படித்த கூர்மை இதில் எப்படி அடங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜே.ஜே.யைச் சீக்கிரம் தொட்டுவிட்டோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துக்குப் பக்கம் பொன்மொழி மாதிரி அடிக்கோடு போட்டுக்கொண்டே போகிறீர்கள், ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை என்றால், மூடிவைத்துவிட்டுப் புளியமரத்துக்குத் திரும்புங்கள்.

பையன் இப்போது ஆசானிடம் இருக்கிறான். ராத்திரி போன் பண்ணி, "இந்த ஆளு சொல்றதை நம்பலாமா மாமா?" என்றான். இனி ஜே.ஜே.யைக் கொடுக்கலாம்.